எழுவாய் எங்கே போனது?

பொய் சொல்லாமலேயே உண்மையை மறைக்க முடியும். நாள்தோறும் காலையில் நம் கைக்கு வரும் நாளேடுகளின் தலைப்புகளில் அது நடக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்கும், ஊர்ப் பெயர் சரியாக இருக்கும், தேதியும் சரியாக இருக்கும். ஆனால் படித்து முடித்த பிறகு, "யார் செய்தார்கள்?" என்று ஒருவர் நம்மைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அதைவிட மோசம், அப்படி ஒரு கேள்வி இருப்பதே நம் நினைவுக்கு வராது.

வேலைக்கு ஓடும் அவசரத்தில் நம்மில் பெரும்பாலோர் படிப்பது தலைப்பை மட்டும்தான். தேநீர்க் கடையிலும், லோக்கல் வண்டியில் எதிரே நிற்பவர் விரித்திருக்கும் தாளிலும் நம் கண்ணில் படுவது அந்தப் பெரிய எழுத்து ஒன்றுதான். அதனால் இந்த இதழில் தலைப்புகளின் இலக்கணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று எட்டாம் வகுப்பில் தமிழாசிரியர் பிரம்போடு சொல்லித் தந்தாரே, அது போதும்.

முதலில் வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். தலைப்பு இலக்கணத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் பாடமாக எடுத்துக்காட்டுவது அதைத்தான்.

இன்றைக்கு ஜிம்பாப்வே என்று அழைக்கப்படும் நாடு 1975-இல் ரொடீஷியாவாக இருந்தது. இன்றைய ஹராரே நகரத்தின் அன்றைய பெயர் சாலிஸ்பரி. மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே இருந்த வெள்ளையர்கள், இயன் ஸ்மித்தின் தலைமையில், பெரும்பான்மைக் கறுப்பின மக்களை வாக்குரிமை இல்லாதவர்களைப் போல ஆண்டு வந்தனர். 1975 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. சாலிஸ்பரியை ஒட்டிய ஹைஃபீல்டு என்னும் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் ஆப்பிரிக்க தேசிய கவுன்சிலின் தலைவர்கள் கூடியிருந்தார்கள். வெளியே மக்கள் திரண்டிருந்தனர். அவர்கள் மீது காவல்துறை சுட்டது. முதல் நாள் கணக்கில் இறந்தவர்கள் 11 பேர், காயமடைந்தவர்கள் 15 பேர். மறுநாள் இறந்தோர் எண்ணிக்கை 13 ஆயிற்று.

திங்கட்கிழமை காலையில் லண்டனின் இரண்டு பெரிய நாளேடுகள் இச்செய்தியை வெளியிட்டன. கார்டியன் இட்ட தலைப்பின் பொருள் இது: சாலிஸ்பரி கலவரத்தில் காவல்துறை 11 பேரைச் சுட்டுக் கொன்றது. டைம்ஸ் இட்ட தலைப்பின் பொருள் இது: கலவரம் செய்த கறுப்பர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இரண்டிலும் பொய் இல்லை. இரண்டிலும் காவல்துறை என்ற சொல் இருக்கிறது. கலவரம் என்ற சொல்லைக் கார்டியனும் விட்டுவிடவில்லை. அப்படியானால் வேறுபாடு எங்கே? கார்டியனின் தலைப்பு செய்வினை. காவல்துறை எழுவாயாக முதலில் நிற்கிறது, சுட்டது அதன் செயல். டைம்ஸின் தலைப்பு செயப்பாட்டுவினை. சுடப்பட்டவர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள், அதுவும் வெறுமனே வரவில்லை. "கலவரம் செய்த" என்ற அடைமொழியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். படிக்கிறவன் மனத்தில் முதலில் பதியும் செயல் காவலர்கள் செய்தது அன்று, கறுப்பர்கள் செய்தது. சுட்டவர்கள் பின்னால் ஒரு மூலையில், "ஆல்" என்னும் மூன்றாம் வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அதற்கு அடுத்த படி தலைப்பின் கீழே, செய்தியின் முதல் வாக்கியத்தில் நடந்தது. அங்கே டைம்ஸ் எழுதியதன் பொருள் இப்படி: கலவரக் கூட்டத்தின் மீது காவலர்கள் துப்பாக்கிப் பிரயோகம் செய்தபோது 11 ஆப்பிரிக்கர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவலர்கள் செய்தது என்ன? துப்பாக்கிப் பிரயோகம். ஆப்பிரிக்கர்களுக்கு நேர்ந்தது என்ன? சுட்டுக் கொல்லப்பட்டது. இரண்டையும் சேர்ப்பது எது? "போது" என்ற ஒரு சிறு சொல். அது காலத்தைக் காட்டும் சொல்லே தவிர, காரணத்தைக் காட்டும் சொல் அன்று. மழை பெய்தபோது வண்டி வந்தது என்பது போல. கொன்றவர் யார் என்று படிப்பவரே ஊகித்துக் கொள்ளலாம், வாக்கியம் அதைச் சொல்வதில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, டைம்ஸ் மேலும் ஒரு படி நகர்ந்தது. அன்றைய செய்தி, கவுன்சிலுக்குள் ஏற்பட்ட பிளவைப் பற்றியது. அதில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி பின்னணியாக மட்டும் வருகிறது: 13 ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் கலவரங்களுக்குப் பிறகு என்ற பொருளில். கவனியுங்கள். காவல்துறை போய்விட்டது. துப்பாக்கி போய்விட்டது. "சுட்டு" என்ற சொல்லும் போய்விட்டது. "கொல்லப்பட்ட" என்ற செயப்பாட்டுவினை மட்டும் எஞ்சியது, அதுவும் "கலவரங்கள்" என்ற பெயருக்கு அடைமொழியாக. ஒரு நாள் தாமதித்து இதைப் படிக்கிறவன், கறுப்பர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டார்கள் போலும் என்று நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

கடைசிப் படி தலையங்கத்தில். கலவரமும் வருந்தத்தக்க உயிரிழப்பும் ஓர் எச்சரிக்கை என்ற பொருளில் அது தொடங்கியது. இப்போது வினைச்சொல்லே இல்லை. கொன்றது என்பது போய், கொல்லப்பட்டனர் என்பது போய், "உயிரிழப்பு" என்று ஒரு பெயர்ச்சொல் வந்துவிட்டது. கொன்றது என்றால் கொன்றவன் யார் என்று கேட்கலாம். கொல்லப்பட்டனர் என்றால் யாரால் என்று கேட்கலாம். உயிரிழப்பு என்றால் என்ன கேட்பது? இழந்தவர்கள் செத்துப்போனவர்கள்தாம்! அவர்கள் உயிரை அவர்களே எங்கோ தவறவிட்டதுபோல.

இரண்டே நாள்களில் நடந்த இந்த நகர்வை ஒரு வரியில் சொல்லிவிடலாம். காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள், காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர், கொல்லப்பட்டனர், உயிரிழப்பு. ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் உதிர்கிறது. எந்தப் படியிலும் யாரும் பொய் சொல்லவில்லை. கடைசிப் படியில் குற்றவாளி இல்லாத ஒரு துயரம் மட்டும் மிஞ்சுகிறது. காரணமாக நிற்பது "கலவரம்" ஒன்றுதான்.

இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியவர் டோனி ட்ரூ. இங்கிலாந்தில் ராஜர் ஃபௌலர், பாப் ஹாஜ், குந்தர் கிரெஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது. மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை வாக்கியம் வாக்கியமாகப் பார்க்கும் ஆய்வுத் துறை அதன் பிறகு வளர்ந்தது. நமக்கு அந்தத் துறையின் பெயரைவிட அதன் கேள்விதான் முக்கியம்: யார், யாருக்கு, என்ன செய்தார்?

இது ஆங்கிலேயனின் தந்திரம், தமிழில் செயப்பாட்டுவினை குறைவு, ஆகவே நமக்கு இந்த நோய் இல்லை என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். தமிழ்த் தலைப்புக்கு "பட்டது" என்ற துணையே தேவையில்லை. அதற்கு வேறு இரண்டு குறுக்கு வழிகள் உண்டு.

முதல் வழி, வினையைப் பெயராக்கிவிடுவது. பலி, கைது, தடியடி, மோதல், அகற்றம், துப்பாக்கிச் சூடு. தமிழ்த் தலைப்புகள் பல இப்படிப் பெயர்ச்சொல்லில்தான் முடிகின்றன. இடம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் வினைமுற்று போனால் அதன் விகுதியும் போகிறது. "சுட்டனர்" என்பதில் "அர்" இருக்கிறது. சுட்டவர்கள் மனிதர்கள், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் என்று அந்த விகுதியே காட்டிக் கொடுத்துவிடும். "சூடு" என்பதில் திணையும் இல்லை, எண்ணும் இல்லை, காலமும் இல்லை. "பலி" என்ற சொல்லையே பாருங்கள். நம் ஊர்க் கோயிலில் பலி என்றால் கொடுப்பவன் ஒருவன் உண்டு, வெட்டுகிறவன் ஒருவன் உண்டு, ஏற்கும் தெய்வம் ஒன்று உண்டு. நாளேட்டுப் பலியில் ஆடு மட்டும்தான் உண்டு.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். "துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி" என்ற வாய்பாட்டை நாம் எல்லோரும் கேட்டோம், நாமும் சொன்னோம். அந்த வாய்பாட்டில் இரண்டு செயல்கள் இருக்கின்றன, செய்தவர் ஒருவரும் இல்லை. பிறகு அந்தச் "சூடு" தனியே எழுந்து நடக்கத் தொடங்குகிறது. "துப்பாக்கிச் சூடு 13 உயிர்களைப் பறித்தது" என்று எழுதினால், சூடே எழுவாயாகி உயிரைப் பறிக்கிறது. புயல் பறித்தது, வெள்ளம் பறித்தது என்பது போல. ஆனால் ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது என்ன இருந்தது? கலைந்து ஓடியவர்களைக் காவலர்கள் சுட்டார்கள் என்று அந்த அறிக்கை கூறியது. காவல்துறையைச் சேர்ந்த 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைத்தது. அவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, அன்று நின்ற இடம் உண்டு. தலைப்பில் எழுவாய் இல்லாததற்குக் காரணம், செய்தவர் இல்லை என்பதன்று. எழுவாயை எழுதவில்லை, அவ்வளவுதான்.

"மோதல்" என்ற சொல்லை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சூடு என்ற சொல் செய்தவனை மறைக்கிறது. மோதலோ அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் உட்கார வைக்கிறது. தடி ஒருவர் கையில், காயம் இன்னொருவர் தலையில் என்றாலும், "காவலர் – தொழிலாளர் மோதல்" என்றால் இருவரும் சமமாக மோதினார்கள் என்றே பொருள். மோதல் என்று எழுதியிருந்தால், இரண்டு பக்கமும் மருத்துவமனைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உள்ளே தேடுங்கள். எண்ணிக்கை ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்று அறியலாம்.

இரண்டாவது வழி நம் மொழிக்கே உரியது. தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அது. இடிந்தது – இடித்தது. எரிந்தது – எரித்தது. கலைந்தது – கலைத்தது. நின்றது – நிறுத்தினார். ஓர் எழுத்து மாறினால் உலகமே மாறுகிறது. "குடிசைகள் எரிந்தன" என்றால் விளக்கு சாய்ந்திருக்கலாம், காற்று அடித்திருக்கலாம். "குடிசைகளை எரித்தனர்" என்றால் ஓர் ஆள் வந்தாக வேண்டும். பிறவினைக்குச் செய்பவன் இல்லாமல் முடியாது, தன்வினைக்கு அவன் தேவையே இல்லை. செயப்பாட்டுவினையிலாவது "யாரால்?" என்ற கேள்விக்கு ஒரு காலி இடம் இருக்கும். தன்வினையில் அந்த இடமே இருக்காது.

நம் பகுதிக்கு நன்கு தெரிந்த வகையில் ஒரு தலைப்பை நாமே கட்டிப் பார்ப்போம். "சாரம் சரிந்து தமிழகத் தொழிலாளி பலி." இதில் சரிந்தது சாரம், தானாகவே. பலியானது தொழிலாளி. இனி இதைப் பிறவினையாக்கிப் பாருங்கள். சாரத்தைக் கட்டியவர் யார்? கட்டச் சொன்ன ஒப்பந்தக்காரர் யார்? கட்டடம் யாருடையது? இடுப்பு வார் தராதவர் யார்? நான்கு கேள்விகள், நான்கு ஆள்கள். இழப்பீடு கேட்டு மனு எழுத உட்காரும்போது இந்த நான்கு பெயர்களும்தான் முதல் பக்கத்தில் வேண்டும். இறந்தவரின் மனைவி நாளேட்டுத் துண்டைக் கொண்டுவந்து சங்கத்தில் கொடுக்கிறார். அதில் இருப்பது சாரம் ஒன்றுதான். சாரத்தின் மேல் வழக்குப் போட முடியாது.

இனி, செய்வினையில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இது நம்மைப் போன்ற இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் கதை. ரயில்வேயில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக உறுத்துகின்ற கதையும் கூட.

2020 மே 8, விடியற்காலை ஐந்தே கால் மணி அளவில், மராட்டியத்தில் ஔரங்காபாத் அருகே கர்மாடுக்கும் பத்னாபூருக்கும் இடையே, தண்டவாளத்தில் படுத்திருந்த தொழிலாளர்கள் மீது காலி டேங்கர்களை இழுத்துவந்த சரக்கு வண்டி ஏறியது. 16 பேர் இறந்தார்கள். ஜால்னாவில் உருக்கு ஆலையில் வேலை செய்தவர்கள். சொந்த ஊர் மத்தியப் பிரதேசத்தின் உமரியா, ஷாடோல் மாவட்டங்கள். புசாவலுக்குப் போனால் ஊருக்கு வண்டி கிடைக்கும் என்று இருபது பேர் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் அளவு நடந்து களைத்துப் படுத்தார்கள். பயணி வண்டிகள் ஒன்றும் ஓடாத காலம் அது. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை நாம் மறக்க மாட்டோம்.

இந்த நிகழ்ச்சிக்குத் தலைப்பு எப்படி அமையும்? "சரக்கு ரயில் மோதி 16 தொழிலாளர்கள் பலி." இங்கே எழுவாய் இருக்கிறது. ரயில் மோதியது. ஆனால் இது செய்தவரைக் காட்டும் எழுவாயா? வண்டியை ஓட்டிய லோகோ பைலட் ஆட்களைக் கண்டதும் நிறுத்த முயன்றார் என்று ரயில்வே அன்றே அறிவித்தது. ஓடும் சரக்கு வண்டி பிரேக் போட்டதும் நின்றுவிடாது, பல நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போகும் என்பது நம் பணிமனைத் தோழர்களுக்குத் தெரியும். "லோகோ பைலட் 16 பேரைக் கொன்றார்" என்று செய்வினையில் எழுதினால் அது இலக்கணப்படி தெளிவாகவும் நியாயப்படி அநியாயமாகவும் இருக்கும். ரயில்வே காகிதங்களில் இதற்கு எம்.ஆர்.ஓ. என்று மூன்றெழுத்து உண்டு. மேன் ரன் ஓவர். அந்த மூன்றெழுத்தில் ஆள் இருக்கிறான், ஏறியதும் இருக்கிறது, அவன் ஏன் அங்கே இருந்தான் என்பது இல்லை.

இனி மற்றொரு வடிவத்தைப் பாருங்கள். "தண்டவாளத்தில் தூங்கிய 16 தொழிலாளர்கள் பலி." இது சாலிஸ்பரித் தலைப்பின் தம்பி. அங்கே "கலவரம் செய்த", இங்கே "தூங்கிய". மொத்தத் தலைப்பில் விருப்பத்தோடு செய்த செயல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது செத்தவர்கள் செய்தது. ஒரு வாரம் கழித்து, மே 15 அன்று, தொழிலாளர்கள் நடந்து போவதைப் பற்றிய மனு உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது, அவர்கள் தண்டவாளத்தில் தூங்கினால் யார் தடுக்க முடியும் என்ற பொருளில் நீதிபதிகள் கேட்டார்கள். இந்தக் கேள்வியிலும் அதே உருவம்தான்: தூங்குவது ஒரு செயல், நடக்க வைத்தது ஒரு செயலாகத் தெரிவதில்லை.

அந்த இருபது பேரையும் நடக்க வைத்த செயல்களை எழுவாயோடு எழுதிப் பார்ப்போம். மத்திய அரசு மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நாட்டை அடைத்தது. ரயில்வே பயணி வண்டிகளை அதற்கு முன்பே நிறுத்தியது. தொழிலாளர்களுக்கான சிறப்பு வண்டிகளை மே 1 அன்றுதான் தொடங்கியது. ஐந்து வாரங்களுக்கு மேல் வண்டி இல்லை. இவை எல்லாம் செய்வினை வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் எழுவாய் உண்டு. இந்த முடிவுகள் சரியா தவறா என்று வாதாடலாம், தொற்றுநோய்க் காலம் என்று காரணமும் சொல்லலாம். ஆனால் வாதாடுவதற்கு முதலில் அவை வாக்கியமாக வேண்டும். "ஊரடங்கு" என்ற ஒற்றைப் பெயர்ச்சொல் வந்தவுடன் அந்த வாக்கியங்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. "ஊரடங்கால் தொழிலாளர்கள் தவிப்பு" என்றார்கள். ஊர் தானாகவா அடங்கியது? அது தன்வினை.

ஆகவே, தேட வேண்டியது செய்வினையா செயப்பாட்டுவினையா என்பதை மட்டும் அன்று. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் எழுவாயாக வருகிறாரா என்பதுதான் கேள்வி. மிக அருகில் இருக்கும் கருவியை எழுவாயாக்குவதும் ஒரு மறைப்புத்தான்: ரயில், சாரம், லாரி, மின்கம்பி.

இதையே பிடித்துக்கொண்டு எல்லாத் தலைப்பையும் சந்தேகிக்கத் தொடங்குவதும் தவறு. செயப்பாட்டுவினை குற்றம் அன்று. கொன்றவர் யார் என்று இன்னும் தெரியாதபோது "கொல்லப்பட்டார்" என்று எழுதுவதுதான் நேர்மை. தெரியாமல் ஒரு பெயரை எழுவாயாக்கினால் அது அவதூறு. இறந்தவர் ஊரறிந்த மனிதராயிருந்தால் அவர் பெயர் முதலில் வருவது இயல்பு. தலைப்புக்கு இடம் குறைவு என்பதும் மெய்யான நெருக்கடி. செய்தியின் உள்ளே மூன்றாம் பத்தியில் எல்லாப் பெயரும் தெளிவாக இருக்கலாம். ஒரு தலைப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரின் மனத்தை அளந்துவிட முடியாது.

அப்படியானால் எப்படித்தான் அறிவது? ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. டோனி ட்ரூ செய்ததும் அதையே. ஒரே நாளில் ஒரே நிகழ்ச்சியை இரண்டு ஏடுகள் எப்படி எழுதின என்று பாருங்கள். ஒரே ஏடு முதல் நாளும் மூன்றாம் நாளும் எப்படி எழுதியது என்று பாருங்கள். முதல் நாள் இருந்த எழுவாய் மூன்றாம் நாள் உதிர்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் யார் என்று தெரியாமல் மூன்றாம் நாள் பெயர் வந்திருந்தால், அது நல்ல செய்தியாளரின் வேலை. மிக உறுதியான சோதனை இது: ஒரே ஏடு இரண்டு வகை மனிதர்களுக்கு ஒரே இலக்கணத்தைப் பயன்படுத்துகிறதா? தொழிலாளர் கல்லெறிந்தால் "தொழிலாளர்கள் கல்வீச்சு" என்று எழுவாயோடும், தொழிலாளரை அடித்தால் "தடியடி" என்று எழுவாயில்லாமலும் பல மாதங்கள் தொடர்ந்து வந்தால், அதை இடநெருக்கடி என்று சொல்ல முடியாது.

இந்தத் துறையில் உள்ளவர்களுக்கே ஒருவர் ஒரு குட்டு வைத்தார். மைக்கேல் பில்லிக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 2008-இல் கேட்டார்: வினையைப் பெயராக்குவது அதிகாரத்தின் தந்திரம் என்று எழுதும் ஆய்வாளர்களே, உங்கள் கட்டுரைகள் முழுவதும் அதே வகைப் பெயர்ச்சொற்கள்தானே இருக்கின்றன, யார் யாரை என்ன செய்கிறார் என்று நீங்கள் எங்கே எழுதுகிறீர்கள்? நல்ல கேள்வி. நம் பக்கத்துக்கும் அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆர்ப்பாட்டத்தில் நம்மவர் ஒருவர் பேருந்தின் கண்ணாடியை உடைத்தால், நம் அறிக்கையில் "பேருந்துக் கண்ணாடி உடைந்தது" என்று வரக் கூடாது. "உடைத்தார்" என்று வர வேண்டும். சங்கக் கூட்டம் "ஒத்திவைக்கப்பட்டது" என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், ஒத்திவைத்தவர் யார் என்று கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

கடைசியாக, கையில் பிடித்துக்கொண்டு போகக்கூடிய ஒன்று. வேலையிடத்தில் விபத்து நடந்தால், குடிசையை இடித்தால், நம்மவரை அழைத்துப் போனால், செய்தியாளரோ காவல் நிலையத்து எழுத்தரோ நம்மிடம் கேட்டு எழுதுவார்கள். அங்கே முதலில் சொல்லும் வாக்கியமே பெரும்பாலும் தாளில் நின்றுவிடும். "மெஷினில் கை மாட்டிடுச்சு சார்" என்று சொன்னால் மெஷின்தான் எழுவாய். "மூடி இல்லாத மெஷினில் மேஸ்திரி வேலை செய்யச் சொன்னார், கை மாட்டியது" என்று சொன்னால் மேஸ்திரி எழுவாய். இரண்டும் உண்மை. இரண்டாவதை வைத்துத்தான் வழக்கு நடத்த முடியும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்க்காதீர்கள். ஆனால் தெரிந்த எழுவாயை விழுங்காதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "யார்?" என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

படிப்பகத்துக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். அடுத்த ஒரு மாதம், தொழிலாளர் இறந்த செய்திகளின் தலைப்புகளை இரண்டு ஏடுகளிலிருந்து வெட்டி ஒரு நோட்டில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எழுவாய் என்ன என்று எழுதுங்கள். சாரம், சுவர், லாரி, மின்சாரம் எத்தனை முறை வருகின்றன, முதலாளியும் ஒப்பந்தக்காரரும் எத்தனை முறை வருகிறார்கள் என்று எண்ணுங்கள். செய்தியின் உள்ளே பெயர் இருந்தால் அதையும் தனியே குறியுங்கள். அந்தக் கணக்கை அடுத்த மாதக் கூட்டத்தில் படிப்போம்.